கோடிட்ட இடம் இடம் மாறினால் விடையும் மாறும்: கொள்குறி வினாத்தாளைத் தமிழாக்குபவர்களுக்கு

ஆங்கிலத்தில் தயாரான கொள்குறி வினாத்தாளைத் தமிழாக்கும்போது தமிழுக்கென்று தனி விடைக்குறிப்பு வராது. மூலத்தில் விடை (1) என்றால் தமிழிலும் (1) தான். ஓ.எம்.ஆர். தாளைத் திருத்தும் இயந்திரம் மாணவர் எந்த மொழியில் படித்தார் என்று பார்ப்பதில்லை. சரியான விடையின் எண்ணை யாரும் வேண்டுமென்று மாற்றுவதில்லை; நல்ல தமிழ் எழுதப் போய்த்தான் அது மாறுகிறது.

இயற்பியல் வினா ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூலத்தின் அமைப்பை அப்படியே வைத்தால் தமிழில் இப்படி வரும்:

ஒரு பொருளின் ______ என்பது அதன் நிறை, ______ ஆகியவற்றின் பெருக்கற்பலன் ஆகும்.
(1) உந்தம், திசைவேகம்
(2) திசைவேகம், உந்தம்
(3) உந்தம், முடுக்கம்
(4) விசை, திசைவேகம்

விடை (1). ஆனால் தமிழில் சரளமாக எழுதுபவர் கை தானாக இப்படிப் போகும்: ‘ஒரு பொருளின் நிறை, ______ ஆகியவற்றின் பெருக்கற்பலனே அதன் ______ ஆகும்.’ வாக்கியம் அழகாக இருக்கிறது. ஆனால் கோடுகள் இரண்டும் இடம் மாறிவிட்டன. இப்போது சரியான விடை (2). விருப்பங்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதால் மேலோட்டமாகச் சரிபார்ப்பவர் கண்ணில் இது படாது. இரண்டு கோடிட்ட இடங்கள் உள்ள வினாவில், வாக்கியம் கொஞ்சம் விறைப்பாக நின்றாலும் மூலத்தில் முதலில் வரும் கோடு தமிழிலும் முதலில் வர வேண்டும். ‘என்பது’ இங்கே நன்றாகக் கைகொடுக்கும்.

அடுத்தது தமிழுக்கே உரிய சிக்கல். ஆங்கிலக் கலைச்சொற்கள் பல, கிரேக்க, லத்தீன் வேர்களுக்குள் பொருளை மறைத்து வைத்திருக்கும். தமிழ்ச் சொல் பொருளை வெளியில் காட்டிவிடும். ‘தாவர இலைகளிலிருந்து நீராவி வெளியேறும் நிகழ்ச்சி எது?’ என்று கேட்டு, விருப்பங்களில் ‘நீராவிப்போக்கு’ என்று வைத்தால் பாடம் படிக்காதவரும் அதைத்தான் தொடுவார். இதற்காகக் கலைச்சொல்லை மாற்றக்கூடாது, பாடநூலில் உள்ள சொல்தான் மாணவருக்குத் தெரியும். ஒலிபெயர்த்து எழுதுவதும் தீர்வல்ல. வினா எண்ணைக் குறித்து வினா அமைத்தவரிடமே அனுப்புங்கள். வினாவை மாற்றுவதானால் இரு மொழியிலும் சேர்த்து மாற்ற வேண்டியவர் அவர். மொழிபெயர்ப்பாளர் தமிழில் மட்டும் பூசி மெழுகினால் இரண்டு தாள்களும் இரண்டு தேர்வுகளாகிவிடும்.

விருப்ப எண்களிலும் கை வைக்கக்கூடாது. ஓ.எம்.ஆர். தாளில் 1, 2, 3, 4 என்று வட்டங்கள் இருக்கும்போது வினாத்தாளில் (அ), (ஆ), (இ), (ஈ) என்று போடுவது மாணவரை ஒவ்வொரு வினாவிலும் மனக்கணக்குப் போட வைக்கும். ஆங்கில அகர வரிசையில் இருக்கும் விருப்பங்களைத் தமிழ் அகர வரிசைக்கு அடுக்குவதும் வேண்டாம். புதிய கோப்பில் தட்டச்சு செய்வதைவிட, மூலக் கோப்பின் நகலில் சொற்களின் மேலேயே தமிழை எழுதிக்கொண்டு போவது பாதுகாப்பு. தானியங்கி எண்ணிடலை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

அறிவுரைப் பகுதியைக் கடைசியில் அவசரமாக முடிக்கும் வழக்கம் உண்டு. ‘தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும்’ என்பதும் ‘தவறான விடைக்கு மதிப்பெண் கிடையாது’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைப் படித்தவர் தெரியாத வினாவுக்கெல்லாம் துணிந்து ஊகிப்பார். ‘மிகப் பொருத்தமான விடை’ என்று மூலம் சொன்னால் ‘சரியான விடை’ என்று சுருக்கக்கூடாது, ஏனென்றால் இரண்டு விருப்பங்கள் ஓரளவு பொருந்தும் வினாக்களுக்கு அந்தச் சொல்தான் ஆதாரம். மதிப்பெண்கள் மூலத்தில் இலக்கத்தில் இருந்தால் தமிழிலும் இலக்கத்திலேயே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று நீட் போன்ற தேர்வுகள் அறிவிக்கின்றன. அதை நம்பிச் சாய்ந்துகொள்ள வேண்டாம். 2018 நீட் தமிழ்த் தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்புப் பிழைகளுக்காகத் தலா 4 வீதம் 196 மதிப்பெண் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழில் எழுதியவர்களுக்கு அந்த மதிப்பெண் கிடைக்கவில்லை.

சரிபார்க்க ஒரு வழிதான் உண்மையில் பலன் தரும். பாடம் தெரிந்த ஒருவரிடம் தமிழ்த் தாளை மட்டும் கொடுங்கள், ஆங்கிலத் தாளைக் காட்டாதீர்கள். அவர் குறித்த விடைகளை மூல விடைக்குறிப்போடு ஒப்பிடுங்கள். பொருந்தாத ஒவ்வொரு வினாவையும் மொழிபெயர்ப்புப் பிழை என்று சந்தேகித்துத் திரும்பப் படியுங்கள். இதை அச்சுப்படி வந்த பிறகு மறுபடி ஒருமுறை செய்ய வேண்டும். தமிழ் வரி நீளும் என்பதால், மூலத்தில் முதல் வரியில் (1), (2), அடுத்த வரியில் (3), (4) என்று இருந்ததை, பக்க வடிவமைப்பவர் மேலிருந்து கீழாக அடுக்கியிருப்பார். எண் ஓரிடத்திலும் விடை இன்னோரிடத்திலும் நிற்பது அங்கேதான் அகப்படும்.