மழை மேல் பழி போடாத வீடியோ

மயிலாடுதுறையில் வீட்டிலிருந்தபடி முளைகட்டிய சத்துமாவு விற்கிறேன். கேழ்வரகு, கம்பு, பச்சைப்பயறு எல்லாவற்றையும் ஊறவைத்து முளைகட்டி, மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்து, வறுத்து, மில்லில் கொடுத்து அரைப்பது. நல்ல வெயில் இருந்தால் ஒரே தடவையில் 25 கிலோ காயும். அதுவே வீட்டுக்குள் ஃபேனுக்கடியில் என்றால் மூன்று நாளைக்கு 4 கிலோதான் தேறும்.

போன நவம்பரில் இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் 10ஆம் தேதியிலிருந்து 20 வரை, ஒரு வாரத்தில் அனுப்புகிறேன் என்று சொல்லி ஆளுக்கு ஒரு கிலோ வீதம் 64 பேரிடம் பணம் வாங்கிவிட்டேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. காய்ந்த கேழ்வரகை வாயில் போட்டுக் கடித்தால் கடக்கென்று உடைய வேண்டும். என்னுடையது பல்லில் அமுங்கியது. அப்படியே அரைத்தால் மாவு பத்து நாளில் கட்டிதட்டி வாடை வந்துவிடும். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் கைக்குழந்தைக்காரர்கள். அரைக்காமல் நிறுத்தினேன். அது சரிதான். ஆனால் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் நான்கு நாளை ஓட்டினேன். "நாளைக்கு வெயில் வந்துடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீடியோ போடலாம் என்று உட்கார்ந்து எழுதியபோது முதலில் வந்தது இதுதான்: "எதிர்பாராத கனமழையால், உங்கள் அன்பான ஆதரவோடு..." வாசித்துக் காட்டினேன். அத்தை கூடத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். "ஐப்பசி கார்த்திகையில மழை வரதுல என்னடி எதிர்பாராதது?" என்றார்.

கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதியது:

"வணக்கம். நவம்பர் 10லேர்ந்து 20 வரைக்கும் பணம் கட்டின 64 பேருக்கு இந்த வீடியோ. ஒரு வாரத்துல அனுப்பறேன்னு சொன்னேன், அனுப்பல. மழையில தானியம் காயல. மழை வரும்னு தெரிஞ்சும், காயவைக்க முடியற அளவுக்கு மேல ஆர்டர் எடுத்தேன். அது என் தப்பு. இப்போ தெரிஞ்சவங்ககிட்ட ட்ரையர் வாடகைக்கு எடுத்திருக்கேன். டிசம்பர் 6க்குள்ள உங்க பார்சலைக் கூரியர்ல போட்டுடுவேன். காத்திருக்கிறவங்களுக்குக் கூரியர் காசு 70 ரூபாய் திரும்ப வரும். வேண்டாம்னா 'பணம்'னு ஒரு வார்த்தை அனுப்புங்க, 490 ரூபாயும் நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள வந்துடும். காரணம் கேட்க மாட்டேன். இனிமே அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் அரைச்சு டப்பாவுல இருக்கிற மாவுக்கு மட்டும்தான் ஆர்டர்."

இதில் தேதி வைக்கத்தான் நேரம் பிடித்தது. ட்ரையரில் நாளுக்கு 8 கிலோ என்றால் 64 கிலோவுக்கு எட்டு நாள். மில்லில் கரண்ட் போகும் என்று மேலே இரண்டு நாள் சேர்த்தேன். வீட்டுக்கு வந்து சேரும் தேதியைச் சொல்லவில்லை. கூரியர்க்காரர் வேகம் என் கையில் இல்லை. அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தரலாம் என்றாள் மகள். ஏற்கெனவே ஏமாந்தவரை இன்னொரு தடவை வாங்கச் சொல்வது போலிருந்ததால் வேண்டாம் என்றேன்.

அவள்தான் போனில் படம் பிடித்தாள். இரண்டாவது தடவை எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைத்தான் போடணும் என்றாள். நான் அழுதால் அவர்கள் என்னைத் தேற்றுவார்கள், பணம் கேட்கக் கூச்சப்படுவார்கள். நான்காவது தடவை எடுத்ததைத்தான் அனுப்பினோம். பின்னணி இசை கிடையாது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும்.

வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பிராட்காஸ்ட் அனுப்பினால் என் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். புது ஆட்கள் யார் சேமிக்கிறார்கள்? அதனால் 64 பேருக்கும் தனித்தனியாக, பெயர் போட்டு அனுப்பினேன்.

11 பேர் 'பணம்' என்று அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் "குழந்தைக்கு இன்னைக்கு என்ன கொடுக்கறது?" என்று கேட்டார். அதற்கு என் ஸ்கிரிப்டில் பதில் இல்லை. வீட்டுக்கென்று வைத்திருந்த பழைய அரைப்பில் கால் கிலோவை அன்றே அனுப்பினேன்.

அந்த 11 பேருக்கும் சொன்ன நேரத்தில் பணம் போய்விட்டது. சறுக்கியது 70 ரூபாயில். மீதி 53 பேருக்கும் ஒரே மூச்சில் அனுப்ப உட்கார்ந்தால், ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் என்று பாதியிலேயே ஆப் நிறுத்திவிட்டது. அந்தக் காசுக்கு நல்லவேளையாக நான் நாள் குறிக்கவில்லை. ஆனாலும் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமலிருந்தால் சந்தேகம்தானே வரும்? அன்று ராத்திரியே மிச்சப் பேருக்கு எழுதினேன்: "உங்க 70 ரூபாய் நாளைக்கு வரும், இன்னைக்கு ஆப்ல அளவு முடிஞ்சுது." மூன்றாம் நாள்தான் முழுதும் தீர்ந்தது. மொத்தம் 9,100 ரூபாய்.

கடைசிப் பார்சல் டிசம்பர் 5ஆம் தேதி போனது. இந்த அக்டோபரில் அத்தை டப்பாக்களை எண்ணி, அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் 22 என்று எழுதிவைத்தார். ஆர்டர் வர வர அவரே அழித்து எழுதுகிறார்.