ஐகன் வேல்யூ ஸ்லைடு புரியாம மேடத்துக்கு மூணு மெயில் போட்ட கதை

ஒரே ஒரு வரி சந்தேகத்துக்கு எனக்கு பத்து நாள் போச்சுங்க, அதுல ஒரு சனிக்கிழமை முழுசா பஸ்லயே போச்சு, அந்த கடுப்பு இன்னும் தீரல. மேடத்து மேல தப்பில்லை, முதல் கிளாஸ்லயே "சந்தேகம் இருந்தா மெயில் போடுங்க, தமிழ்லயே எழுதலாம்"னு சொன்னவங்க. நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அதனால அது எனக்கு நெம்ப பெரிய விஷயம்.

சந்தேகம் இதான். ஸ்லைடுல மேல, ஐகன் வேல்யூ எல்லாம் வேற வேறயா இருந்தா அந்த மேட்ரிக்ஸை டயகனலைஸ் பண்ணலாம்னு இருக்குது, செரி. அதுக்கு கீழயே, ஐகன் வேல்யூ ரிப்பீட் ஆனா டயகனலைஸ் பண்ண முடியாதுன்னு ஒரு வரி, அதுக்கு உதாரணமா 2, 2 வர்ற ஒரு சின்ன மேட்ரிக்ஸ். ஆனா நோட்ல நாங்க போட்ட கணக்குல 1 ரெண்டு தடவை வந்துச்சு, அதை டயகனலைஸும் பண்ணிட்டோம். ரெண்டுல எது தப்புன்னு தெரியாம தூக்கமே வரல.

முதல் மெயில் ராத்திரி பதினொன்றரைக்கு மொபைல்ல அடிச்சேன்: "வணக்கம் மேடம், ஐகன் வேல்யூ ஸ்லைடு புரியல, தயவுசெஞ்சு விளக்குங்க." அவ்வளவுதான், சப்ஜெக்ட் கூட போடல. நாலு நாள் பதில் வரல. நேர்ல பாத்துக்கலாம்னு சனிக்கிழமை சத்தியிலிருந்து பஸ் ஏறி, புளியம்பட்டி, அன்னூர்னு நின்னு நின்னு காந்திபுரம் போய், அங்கிருந்து டவுன் பஸ் புடிச்சு காலேஜ் போனா டிப்பார்ட்மெண்ட் பூட்டிக் கெடக்குது. அட்டெண்டர் அண்ணன் "மேடம் பேப்பர் திருத்தற டியூட்டிக்கு போயிட்டாங்க கண்ணு, வர்றதுக்கு முன்னால ஒரு மெயில் போட்டு கேட்டிருக்கலாமில்ல"ன்னாரு. திரும்ப ஊடு வந்து சேர பொழுதோட ஆயிருச்சு.

மறுநாள் பதில் வந்துச்சு, மூணே கேள்வி: "எந்த ஸ்லைடு? எந்த வரி வரைக்கும் புரிஞ்சுது? நீ என்ன போட்டுப் பாத்த?"

செரின்னு ரெண்டாவது மெயில்ல 27-வது ஸ்லைடுன்னு எழுதி, கணக்கையும் சேத்து அனுப்புனேன். மேடம் கேய்லி-ஹாமில்டன் தேற்றத்தை அழகா ஒரு பக்கம் விளக்கி அனுப்பியிருந்தாங்க! நான் கேட்டது அது இல்லையே. அப்புறம்தான் புரிஞ்சுது, எங்ககிட்ட இருக்கறது பிடிஎஃப், அதுல ஒவ்வொரு வரியா வர்ற மாதிரி வெச்ச ஸ்லைடு எல்லாம் ரெண்டு மூணு பக்கமா பிரிஞ்சிருக்குது. பிடிஎஃப்ல 27-ம் பக்கம், மேடத்துகிட்ட இருக்கற ஒரிஜினல்ல 23-வது ஸ்லைடு. பக்க எண்ணை நம்பாதீங்க, ஸ்லைடு மூலையில அச்சாகியிருக்கற நம்பரைப் பாருங்க, கூடவே தலைப்பையும் எழுதுங்க.

இன்னொண்ணும் ஆயிருந்துச்சு. நான் ஸ்பேஸ் விட்டு விட்டு மூணு வரியா அடிச்ச மேட்ரிக்ஸ், அவங்களுக்கு போறப்போ ஒட்டுக்கா ஒரே வரியாயி, ஒம்பது நம்பரும் வரிசையா நின்னுச்சு. ஒரு வரி முடிஞ்சா ஒரு அரைப்புள்ளி, அப்படி எழுதுனா எதுல திறந்தாலும் உடையாது. போட்டோவும் எடுத்து அனுப்பலாம், ஆனா பதில்ல அந்த நம்பரை அவங்க திரும்ப அடிக்கணும்.

மூணாவது மெயில் எழுத ஒரு மணி நேரம் ஆச்சு. அப்படியே போடறேன், வேணுங்கறவங்க மாத்தி எடுத்துக்கங்க:

"பொருள்: 23-வது ஸ்லைடு, டயகனலைசேஷன், கடைசி வரியில் சந்தேகம்

வணக்கம் மேடம். நான் முதலாமாண்டு, பி செக்ஷன். ஸ்லைடின் முதல் வரி புரிகிறது. ஐகன் மதிப்பு திரும்ப வந்தால் டயகனலைஸ் செய்ய முடியாது என்ற கடைசி வரிதான் புரியவில்லை. வகுப்பில் போட்ட கணக்கு:

A = [2 1 1; 1 2 1; 1 1 2]

சிறப்பியல்புச் சமன்பாடு λ³ − 6λ² + 9λ − 4 = 0. மதிப்புகள் 1, 1, 4. கூட்டினால் 6, மூலைவிட்டக் கூடுதலும் 6, அதனால் மதிப்புகள் சரி என்று நினைக்கிறேன். λ = 1-க்கு x + y + z = 0 என்ற ஒரே சமன்பாடுதான் வருகிறது, அதிலிருந்து (1, −1, 0), (1, 0, −1) என இரண்டு வெக்டர். λ = 4-க்கு (1, 1, 1). மூன்றும் ஒன்றையொன்று சாராதவை, ஆகவே டயகனலைஸ் ஆகிவிடுகிறது. ஆனால் ஸ்லைடில் உள்ள [2 1; 0 2] அணிக்கு (1, 0) என்ற ஒரு வெக்டர்தான் கிடைக்கிறது. இரண்டிலும் மதிப்பு திரும்ப வருகிறதே, எதை வைத்துப் பிரித்தறிவது மேடம்?"

ரெண்டு மணி நேரத்துல பதில். முதல் வரியே "உன் கணக்கு சரி, என் ஸ்லைடுதான் தப்பு"ன்னு இருந்துச்சு. படிச்சதும் திண்ணையிலிருந்து எந்திரிச்சு அம்மாகிட்ட ஓடிப் போய் காட்டுனேன்.

"முடியாது"ன்னு இருக்கக்கூடாது, "முடியாமல் போகலாம்"னு இருக்கணுமாம். எல்லாம் வேற வேறயா இருந்தா கண்டிப்பா முடியும், ரிப்பீட் ஆனா போட்டுப் பாத்துத்தான் சொல்லணும். எப்படின்னா, ரிப்பீட் ஆகற λ-க்கு மட்டும் A − λI எழுதி அதோட தரம், அதான் ரேங்க், கண்டுபுடிக்கணும். மேட்ரிக்ஸ் சைஸ்ல இருந்து ரேங்க்கை கழிச்சா அந்த λ-க்கு எத்தனை தனித்தனி வெக்டர் கிடைக்கும்னு வந்துரும். λ எத்தனை தடவை வந்துச்சோ அத்தனை வெக்டர் இருக்கணும், கொறஞ்சா முடியாது. என்ற கணக்குல A − I எல்லா இடத்துலயும் 1, ரேங்க் 1, மூணுல ஒண்ணு போனா ரெண்டு, செரியாப் போச்சு. ஸ்லைடு கணக்குல ரேங்க் 1, ரெண்டுல ஒண்ணு போனா ஒண்ணு, ஆனா 2 ரெண்டு தடவை வந்திருக்குது, பத்தல. ஒரே ஒரு தடவை வர்ற மதிப்புக்கு எப்பவும் ஒரு வெக்டர் கிடைச்சிரும், அதுக்கு ரேங்க் பாக்க வேண்டியதில்லை.

கூடவே எனக்கு ஒரு கணக்கும் கொடுத்தாங்க, C = [1 1 0; 0 1 0; 0 0 4]. திங்கக்கிழமை காலையில பஸ்ல போட்டேன். இதுக்கும் 1, 1, 4 தான், சமன்பாடு கூட A-க்கு வந்த அதே சமன்பாடு. ஆனா C − I-யில ரேங்க் 2, அப்ப 1-க்கு ஒரே ஒரு வெக்டர்தான், டயகனலைஸ் ஆகாது. அன்னூர் தாண்டறப்பதான் மண்டையில ஏறுச்சு, ஐகன் வேல்யூவை மட்டும் பாத்து இதை சொல்லவே முடியாது, ரெண்டு மேட்ரிக்ஸுக்கும் அது ஒண்ணா இருந்தும் விடை வேற.

நான் முதல் மெயில்லயே கணக்கை போட்டிருந்தா இந்த தப்பு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும், எங்க செக்ஷன்ல பாதிப்பேர் அந்த வரியை அப்படியே மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தாங்க.

மேடம் ஸ்லைடை மாத்தி திரும்ப ஏத்திட்டாங்க. புதுசுல A-யும் C-யும் பக்கத்துல பக்கத்துல இருக்குது, கீழ ரேங்க் கணக்கும் போட்டிருக்காங்க. பழைய பிடிஎஃப் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கறவங்க 23-வது ஸ்லைடுல அந்த கடைசி வரியை பேனாவுல அடிச்சு "போகலாம்"னு திருத்திக்கங்க.