மண்டூர்ப் பாதையில் ஒரு வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை இரவு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். வணக்கம் கூடச் சொல்லவில்லை. "டீச்சர், முற்றாகிட்டு!" என்றாள். கலியாணம் முற்றாகிவிட்டது, நிச்சயதார்த்தமும் முடிந்துவிட்டது என்று அர்த்தம். நான் அவளுக்குப் படிப்பித்தது பத்தாம், பதினோராம் வகுப்பில். பெயர் எழுதினால் கோபிப்பாள், ஆகவே பிள்ளை என்றே எழுதுகிறேன்.

விடிந்ததும் மண்டூருக்குப் போய் முருகனுக்கு ஒரு தட்டு வைப்பது என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன். களுவாஞ்சிகுடியில் இருப்பவர்களுக்கு மண்டூர் போக இரண்டு வழி. பட்டிருப்புப் பாலத்தால் ஏறி, போரதீவு, வெல்லாவெளி என்று சுற்றிப் போகலாம். இல்லாவிட்டால் குருமண்வெளித் துறைக்குப் போய்ப் பாதையில் ஏறினால் மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் மண்டூர். வெளியூர்க்காரர் பாதை என்றால் ரோட்டு என்று நினைப்பார்கள். எங்களுக்குப் பாதை என்றால் தண்ணீரில் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகிற தட்டையான பெரிய படகு. பதினொரு வருடம் அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். காலில் ஒருதரம் மோட்டார் சைக்கிள் ஏறிய அடையாளம் இன்னும் இருக்கிறது.

காலை வெயில் தண்ணீரில் விழுந்து கண் கூசியது. ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அத்தாங்கு போட்டுக்கொண்டிருந்தார். தட்டை மடியில் வைத்திருந்தேன். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு கதலி, கற்பூரம், துறையடியில் வாங்கிய செவ்வரத்தம்பூ. அவ்வளவுதான்.

மண்டூர்க் கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் தட்டுப்படுவது அங்குள்ள அமைதி. தில்லை மரத்தில் வந்து தங்கிய வேலைத்தான் ஆதியில் வழிபட்டார்கள் என்பது ஊர்க்கதை. அதனால்தான் தில்லை மண்டூர் என்ற பெயரும், கதிர்காமத்துப் பூசை முறை என்பதால் சின்னக் கதிர்காமம் என்ற பெயரும். இங்கே ஐயர் மந்திரம் சொல்லி அர்ச்சனை செய்வதில்லை. பூசை செய்கிறவர் கப்புகனார். வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, பேசாமல், திரைக்கு உள்ளே போய்ப் பூசை செய்வார். நாம் திரையைத்தான் கும்பிடுகிறோம்.

அன்றைக்கும் அப்படித்தான். தட்டு உள்ளே போனது. மணிச்சத்தம் மட்டும் கேட்டது. யாருக்காக வந்தேன், எந்த நட்சத்திரம் என்று ஒருவரும் கேட்கவில்லை, சொல்லவும் வழியில்லை. எனக்கு இதுதான் பிடிக்கும். பிள்ளையின் பெயரை மனதுக்குள் சொன்னேன், மாப்பிள்ளையின் பெயரையும் சேர்த்து. அந்தப் பெயர் வாய்க்கு இன்னும் பழகவில்லை. இரண்டாம் தரம் சொல்லும்போதுதான் சரியாக வந்தது. தட்டு திரும்பி வந்தபோது கதலிச் சீப்பில் இரண்டு பழம் குறைந்திருந்தது. திருநீற்றை ஒரு தாளில் மடித்து வாங்கிக்கொண்டேன்.

வெளியில் வந்து மர நிழலில் உட்கார்ந்தபோது, இதே வீதியில் அவள் பதினைந்து வயதில் நின்றது ஞாபகம் வந்தது. ஆவணித் திருவிழாக் காலம். எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவிழா நாட்கள் ஊருக்கும், குடி என்கிற வம்சப் பிரிவுக்கும் பங்கு பிரித்திருக்கும். கோயிலைப் பார்க்கிற வண்ணக்கர் பொறுப்பும் பல இடங்களில் குடி வழியாகத்தான் வரும். அன்று பாவாடை தாவணியில் ஓடி வந்து, "டீச்சர், இண்டைக்கு எங்கட குடித் திருவிழா!" என்றாள். எனக்கு அவளுடைய தாயையும் தெரியும், தகப்பனையும் தெரியும். "அது உன்ர அப்பாட குடி மகள். உன்ர குடி அம்மாட குடி" என்றேன். முகம் வாடிப்போய்விட்டது. சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று அன்றிரவு முழுக்க எனக்குச் சங்கடம்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் எல்லோரையும் அம்மம்மாவிடம் கேட்டுக் குடி எழுதிவரச் சொன்னேன். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, கட்டப்பத்தன் குடி என்று கொப்பியெல்லாம் நிறைந்தது. முப்பது பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் தகப்பனின் குடியைத்தான் எழுதியிருந்தார்கள். பாடசாலைப் பதிவில் தகப்பன் பெயர்தான் முன்னால் வருகிறது, குடியும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் குடி தாய் வழியாகத்தான் இறங்கும். அம்மம்மா, அம்மா, மகள், மகளின் மகள் எல்லோரும் ஒரே குடி. மகனும் அதே குடிதான், ஆனால் அவனுடைய பிள்ளைகள் அவன் மனைவியின் குடிக்குப் போய்விடுவார்கள். காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் சனங்களிடமும் இதே தாய்வழிக் குடி உண்டு. தாய் யாழ்ப்பாணத்துப் பெண் என்றால் குடி கேட்க வழியே இல்லை, அந்தப் பேச்சை விட்டுவிடுவார்கள்.

ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. ஒரே குடி என்றால் முன்பின் தெரியாதவர்களும் அண்ணன் தங்கை முறை. இந்த இடத்தில்தான் பிள்ளையின் சம்பந்தம் ஒரு மணித்தியாலம் நூலில் தொங்கியிருக்கிறது.

மாப்பிள்ளைக்கு ஊர் தம்பிலுவில் பக்கம், வேலை கொழும்பில். இருவரும் தாங்களே விரும்பியது. வீட்டாரும் சம்மதித்து, மாப்பிள்ளை தகப்பனையும் சிறிய தந்தையையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். தாய்க்கு முழங்கால் வருத்தம், வரவில்லை. தேநீர் வந்தபோது பிள்ளையின் அம்மம்மா வழக்கப்படி, "தம்பி என்ன குடி?" என்று கேட்டார். அவரும் படக்கென்று பதில் சொன்னார். சொன்னது பிள்ளையின் குடி. (பெயரை எழுதவில்லை. எழுதினால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும்.) அம்மம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளையின் தகப்பனுக்கு என்ன பிழை நடந்ததென்றே தெரியவில்லை. கேட்டது தன் குடியைத்தான் என்று அவர் நினைத்திருக்கிறார்.

அழுதுகொண்டு அறைக்குள் ஓடுவாள் என்று எல்லோரும் நினைத்த நேரம் பிள்ளை முன்னால் வந்து, "அது உங்கட அப்பாட குடியா, அம்மாட குடியா?" என்று கேட்டாளாம். மாப்பிள்ளை முழித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரித் தாய்க்குத் தொலைபேசி எடுத்தார். தாய் சொன்னது வேறு குடி.

கதையில் எனக்குப் பிடித்த இடம் இனித்தான். அம்மம்மா திரும்பி வந்து விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். மாப்பிள்ளையின் தகப்பன் நம்முடைய குடி. ஆகவே அவர் பிள்ளையின் தாய்க்கு அண்ணன் முறை. தாயின் அண்ணன் என்றால் பிள்ளைக்கு மாமா. மாமாவின் மகன் யார்? மச்சான். தடை என்று நினைத்த குடிதான் அவரை முறை மாப்பிள்ளை ஆக்கிவிட்டது. "அப்ப இவர் மச்சான்தானே கா! தேத்தண்ணிய சூடாக்கிக் குடுங்க" என்று அம்மம்மா சொன்னதை அப்படியே அந்தக் குரலில் பிள்ளை எனக்குச் சொல்லிக் காட்டினாள். "நீங்க அண்டைக்குச் சொன்னது ஞாபகம் வந்திச்சு டீச்சர்" என்றாள். என் பழைய சங்கடம் அந்த நிமிடத்தில்தான் தீர்ந்தது.

இப்போது பலர் குடி பார்ப்பதில்லை. பார்க்கத்தான் வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். விரும்பிய இரண்டு பேரை இந்தக் கணக்கு பிரித்ததையும் கண்டிருக்கிறேன், அது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பார்ப்பதென்றால் தாய் வழியில் சரியாகப் பார்க்கவேண்டும். அரைகுறையாகக் கேட்டுவிட்டு எழும்பிப் போகக்கூடாது.

கோயில் வாசலில் இருந்தபடி இன்னொன்றும் நினைத்துச் சிரித்தேன். உள்ளே இருக்கிறவரை மால்மருகன் என்றுதானே பாடுகிறோம். திருமால் உமையம்மைக்கு அண்ணன். வள்ளியும் தெய்வானையும் முற்பிறப்பில் திருமாலின் பெண்கள் என்று கந்தபுராணம் சொல்லும். ஆக முருகனும் மாமன் மக்களைத்தான் கட்டியிருக்கிறார். பிள்ளைக்கு மாமன் மகன், முருகனுக்கு மாமன் மகள். அம்மம்மாவின் விரல் கணக்கு கைலாயத்திலும் செல்லும்.

பிள்ளை, உனக்கு இனி ஒரு வார்த்தை. வாழ்த்தைத் தொலைபேசியில் சொன்னபோது எனக்குக் குரல் அடைத்துவிட்டது, அதனால் சொல்ல நினைத்ததை முழுக்கச் சொல்லவில்லை. குடையை எனக்குப் பிடித்துக்கொண்டு நீ நனைந்து வந்த பிள்ளை நீ. உன் மாப்பிள்ளை தன் பிழையைச் சபையில் தாயிடமே கேட்டுத் திருத்தியவர். அது எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. இருவரும் சுகமாக இருங்கள்.

நம் வழக்கப்படி அம்மா தன் வீட்டை உனக்குச் சீதனமாக எழுதிவிட்டு, வளவுக்குள்ளேயே சின்ன வீடு கட்டிப் போகப்போகிறா என்றாய். உறுதியில் உன் பெயர் இருக்கட்டும். அம்மம்மாவின் பெயரில் இருந்து அம்மாவுக்கு வந்த வீடு அது. மாப்பிள்ளையின் பெயரையும் சேர்க்கவேண்டும் என்று யாராவது சொன்னால் வெட்கப்பட்டுத் தலையாட்டாதே, நொத்தாரிசிடம் போகுமுன் அம்மாவோடு இருந்து கதை. சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தாய் வழிக் காணி போய், புது வீடு குடும்பத் தலைவர் என்று கணவனின் பெயருக்கு வந்தது. அவர் பிரிந்து போனபோது அவளுக்கு நிற்க இடமில்லை. உனக்கு அப்படி வரும் என்றில்லை. ஆசிரியைக்குப் பயம் விடாது, அவ்வளவுதான்.

பத்தரை மணிக்குத் திரும்பும் பாதையில் ஏறினேன். பாதைக்காரருக்கு என்னைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். மடியில் வெறும் தட்டையும் தாள் மடிப்பையும் கண்டுவிட்டு, "ஆருக்கு டீச்சர் நேத்தி?" என்றார். நேர்த்தி இல்லை, படிப்பித்த பிள்ளைக்குக் கலியாணம் முற்றாகியிருக்கிறது என்றேன். ஆளைச் சொன்னேன். அந்த வீட்டை அவருக்கும் தெரியும்.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார், "நல்லம் நல்லம். மாப்பிள்ளை என்ன குடி?"

"முதல்ல பாதைய விடுங்க, சொல்லுறன்" என்றேன். அந்தக் கரை போய்ச் சேரும் வரைக்கும் சொல்லக் கதை இருந்தது.