வேலூர்த் தண்ணீருக்கு ஒரு டீத்தூள்: பிராண்ட் நிலைப்படுத்தல் பகுதியை எழுதி முடித்த அனுபவம்

வேலூரில் 250 கிராம் பாக்கெட்டாக டீத்தூள் போடும் தொழிலுக்கான திட்ட அறிக்கையில் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது பிராண்ட் நிலைப்படுத்தல் பகுதிதான். மெஷின் செலவுக்குக் கொட்டேஷன் கிடைத்துவிடும். ஆனால் த்ரீ ரோசஸ், சக்ரா கோல்ட், ஏவிடி எல்லாம் மளிகைக்கடையில் வரிசையாக இருக்கும்போது புதுப் பாக்கெட்டை ஒருவர் ஏன் கேட்டு வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்தப் பகுதியில்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

"தரம், மணம், சுவை" என்று எழுதுவதில் பயனில்லை. எழுதிய வாக்கியத்தில் நம் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பிராண்டின் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அதை அடித்துவிடலாம்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது விலைக் குறைப்பு. கணக்குப் போட்டால் அது நிற்கவில்லை. கப்புக்கு 2 கிராம் என்றால் 250 கிராமில் 125 கப் வரும். பாக்கெட் 90 ரூபாய் என்றால் கப்புக்கு 72 காசு, 80 ரூபாய் என்றால் 64 காசு. வாங்குபவருக்கு மிச்சமாகும் 8 காசு கண்ணுக்கே தெரியாது, நமக்கோ பாக்கெட்டுக்கு 10 ரூபாய் போய்விடும். பெரிய கம்பெனி ஒரு சலுகை அறிவித்தால் அந்த வித்தியாசமும் காணாமல் போகும். அதனால் விலையை மற்றவர்களுக்குச் சமமாகவே வைத்தோம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காள, வடகிழக்குக் குடும்பங்களைக் குறிவைக்கலாமா என்றும் யோசித்தோம். அவர்களில் பலர் இலைத்தேயிலைக்குப் பழகியவர்கள். சிகிச்சை முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதால், மாதாமாதம் திரும்ப வாங்கும் வீடு கிடைக்காது.

மிஞ்சிய விஷயம் தண்ணீர். இந்தப் பக்கம் பல தெருக்களில் போர் தண்ணீர் கடினமானது. அதில் கால்சியமும் பைகார்பனேட்டும் கூடுதலாக இருந்தால் டிக்காஷன் கருத்துப்போகும், தெளிவு இருக்காது, மேலே மெல்லிய படலம் கட்டும். பால் ஊற்றினால் செம்பழுப்பு வராமல் மங்கலாகத் தெரியும். இதைச் சரிக்கட்ட வீட்டில் இன்னொரு ஸ்பூன் தூள் போடுவார்கள். கசப்பு ஏறுமே தவிர நிறம் எடுக்காது. எங்கள் அறிக்கையின் நிலைப்படுத்தல் பகுதி பிடித்துக்கொண்டது இந்தக் குறையைத்தான்.

சொல்வதற்கு ஆதாரம் வேண்டும். 300 மில்லி தண்ணீரில் 8 கிராம் தூள் போட்டு 3 நிமிடம் கொதிக்கவிட்டு, காய்ச்சிய பால் 300 மில்லி சேர்த்தால் 4 கப் வரும். அதிகம் விற்கும் ஒரு தூள், நம் கலவை இரண்டையும் போர் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் இதே அளவில் போட்டு, வெள்ளைக் கப்பில் ஊற்றி, அடியில் எண் மட்டும் எழுதி, ஒப்பிட்டுப் பார்ப்பவர்களிடம் கொடுத்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே பால்தான். கொழுப்பு மாறினால் நிறமும் மாறிவிடும். படலத்தைப் பால் ஊற்றுமுன்பே பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் பாலாடையையும் அதையும் குழப்பிக்கொள்வார்கள். டி.டி.எஸ். மீட்டரை நம்பிக் கடினத்தன்மையை எழுதக் கூடாது. அது கரைந்த உப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். சோடியம் கூடிய தண்ணீரிலும் எண் ஏறும். சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் கடினத்தன்மை கிட்தான் சரி. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. அறிக்கையில் நம் தெருத் தண்ணீரின் எண்ணை இந்த இரண்டுக்கும் பக்கத்தில் எழுதினால் படிப்பவருக்கு உடனே புரியும்.

கலவை நீலகிரி உயர்மலை டஸ்ட் 70 பங்கு, குருணையாக வரும் அசாம் சி.டி.சி. தூள் 30 பங்கு. நீலகிரித் தூள் தெளிவையும் சுருக்கென்ற பிடிப்பையும் தருகிறது, அசாம் திடத்தைத் தருகிறது. இறுதி வாக்கியம் இப்படி வந்தது: "வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் போர் தண்ணீரில் டீ போடும் வீடுகளுக்கு, பால் ஊற்றிய பிறகும் நிறம் மங்காத டஸ்ட் டீ. இந்த ஊர்த் தண்ணீரிலேயே போட்டுப் பார்த்துத் தேர்ந்த கலவை." முன்னே சொன்ன பெயர் மாற்றும் சோதனையில் இந்த இரண்டாம் வரி தப்பிக்கிறது.

எல்லையையும் அதே பக்கத்தில் எழுதிவிட்டோம். கேன் தண்ணீரில் இதே தூள் கொஞ்சம் துவர்க்கும், அதற்குக் கப்புக்கு ஒன்றரை கிராம் போதும். அதை பாக்கெட்டின் பின்பக்கமும் அச்சிட வேண்டும், இல்லையென்றால் கேன் வாங்கும் வீடுகள் முதல் பாக்கெட்டோடு நின்றுவிடும். ஒப்பிட்ட பிராண்டின் பெயர் உள்சோதனைத் தாளில் மட்டும் இருக்கலாம். அடுத்தவர் பொருளை மட்டம் தட்டி விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. "நிறம் மங்காது" என்று பாக்கெட்டில் போடுமுன், சாயம் எதுவும் சேரவில்லை என்று காட்டும் ஆய்வக அறிக்கை கையில் இருக்க வேண்டும். நிறத்தைப் பற்றிப் பேசும் டீத்தூளிடம் கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.