52 நிமிட ஆவணப்படத்தை அப்ஸ்கேல் செய்யத் திட்டமிட்ட விதம்

பழைய ஆவணப்படம் ஒன்றை அப்ஸ்கேல் செய்வதற்கு எவ்வளவு செலவாகும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். மரப்படகு கட்டும் தச்சர்களைப் பற்றிய 52 நிமிடப் படம் ஒன்றை 1080 வரிகளுக்கு உயர்த்தும் பணியை அண்மையில் முடித்தேன். அதில் செய்த திட்டத்தையும், திட்டமில்லாமல் இழந்த நாட்களையும் உங்கள் கணக்குக்கு உதவும் வகையில் எழுதுகிறேன்.

முதலில் என் கைக்கு வந்தது டிவிடியிலிருந்து எடுத்த கோப்பு. அதையே மென்பொருளில் இட்டபோது, டிவிடியின் சுருக்கத்தால் ஏற்பட்டிருந்த சிறு கட்டங்களும் படத்தின் நுணுக்கங்களாகவே கருதப்பட்டுக் கூர்மையாகிவிட்டன. ஆகவே மூலத்தைத் தேடினோம். நொடிக்கு 25 ஃபிரேம் கொண்ட பிஏஎல் முறையில் பதிவான இறுதிப் பிரதி மினி டிவி, அதாவது சிறு டிஜிட்டல் வீடியோ, கேசட்டில் இருந்தது. ஃபயர்வயர் கம்பி வழியாகக் கணினிக்கு எடுத்தால் கேசட்டில் உள்ள தரவு மறுசுருக்கமின்றி அப்படியே வந்துவிடும்; 52 நிமிடத்துக்கு 11 ஜிபி அளவே ஆனது. இதற்காகச் செலவழித்த 6 மணி நேரம் போல இந்தப் பணியில் வேறெந்த மணி நேரமும் பயன் தரவில்லை.

அடுத்து சோதனைக் கிளிப்புகள். படத்தின் தொடக்கத்திலிருந்து ஒரு நிமிடத்தை வெட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது பயனற்றது, ஏனெனில் சிக்கல்கள் காட்சி வகையைப் பொறுத்தே வருகின்றன. நான் தலா 10 நொடி கொண்ட 9 கிளிப்புகளைத் தேர்ந்தேன்: அருகிலிருந்து எடுத்த பேட்டி, தொலைவில் சிறிதாகத் தெரியும் முகங்கள், கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சி, நீரலை, இரைச்சல் மிகுந்த இரவுக் காட்சி, மரத்தின் இழையோட்டம், தலைப்பு எழுத்துகள், ஒரு காட்சி இன்னொன்றில் கரையும் இடம், இடையில் சேர்க்கப்பட்டிருந்த 16 மி.மீ. படச்சுருள் பகுதி.

இந்தக் கிளிப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது கூர்மையை அன்று, புலங்களை. மினி டிவியில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு புலங்களாக, அதாவது ஒற்றைப்படை வரிகளாகவும் இரட்டைப்படை வரிகளாகவும், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் பதிவாகிறது. இவற்றைப் பிரித்து முழு ஃபிரேம்களாக்காமல் அப்ஸ்கேல் செய்தால், அசையும் பொருள்களின் ஓரத்தில் தெரியும் சீப்புப் பற்கள் போன்ற கோடுகளும் பெரிதாகிவிடும். மினி டிவியில் கீழ்ப்புலமே முதலில் வரும்; ஆனால் என் கோப்பின் தலைப்புத் தரவில் மேல்ப்புலம் முதல் என்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. அதை நம்பி ஓர் இரவு முழுவதும் ஓட்டிய படத்தில், தச்சர் தள்ளிச் செல்லும் பலகை ஓர் அடி முன்னே போய், சற்றுப் பின்னே வந்து, மீண்டும் முன்னே போனது. சாதாரணமாக ஓடவிட்டால் அது வெறும் நடுக்கமாகவே தெரிகிறது. ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. பிறகு ஒவ்வொரு கிளிப்பையும் ffmpeg என்னும் வீடியோ கருவியின் இந்தக் கட்டளையால் சோதித்தேன்:

```
ffmpeg -i clip03.mov -vf idet -frames:v 250 -an -f null -
```

முடிவில் மேற்புலம் முதலில் வருவதைக் குறிக்கும் TFF, கீழ்ப்புலம் முதலில் வருவதைக் குறிக்கும் BFF, புலங்களாகப் பிரியாத முழு ஃபிரேமைக் குறிக்கும் Progressive என்ற எண்ணிக்கைகள் கிடைக்கும். அசைவுள்ள காட்சிகளில் BFF ஓங்கியிருந்தது. படச்சுருள் பகுதியில் மட்டும் Progressive ஓங்கியிருந்தது. அங்கே இரண்டு புலங்களும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை என்பதால், அதைப் புலம் பிரித்தால் இருக்கும் நுணுக்கமே குறையும். ஆகவே அந்த 4 நிமிடங்களைத் தனியே வெட்டி, புலம் பிரிக்காமல் உயர்த்தினேன். மற்றவை நொடிக்கு 50 ஃபிரேம்களாக மாறின.

இப்போது கணக்கு எளிது. 52 நிமிடம் என்பது 3,120 நொடி. 50 ஃபிரேம் வீதம் ஏறத்தாழ 1,56,000 ஃபிரேம்கள். என் கணினி நொடிக்கு 4 ஃபிரேம்களை முடித்தது. 9 கிளிப்புகளுக்கு 19 நிமிடம் ஆனபோது, முழுப் படத்துக்கு 11 மணி நேரத்தை ஒட்டி ஆகும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. புரோரெஸ் 422 ஹெச்க்யூ வடிவில் ஒரு முழுப் பிரதிக்கு 140 ஜிபி வரை ஆகலாம் என்பதால், மூன்று பிரதிகளுக்கு இடம் ஒதுக்கினேன். ஆனால் செலவின் பெரும்பகுதி இயந்திரத்தில் இல்லை. கேசட்டுக்கு 6, கிளிப்புச் சோதனைக்கு 14, காட்சி வாரியாகப் பிரிப்பதற்கு 10, பார்வையிட 12, திருத்த 16 என்று மொத்தம் 58 மணி நேர மனித உழைப்பு ஆனது. நீங்கள் பணத்தொகை எழுதும்போது, உங்கள் உழைப்பு நேரத்தையும் ஒரு முறை முழுமையாக மறுபடி ஓட்டும் நேரத்தையும் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

தரச் சோதனையில் எனக்கு மிகவும் உதவியது, உயர்த்திய படத்தைப் பழைய அளவுக்கே சுருக்கி, புலம் பிரித்த மூலத்திலிருந்து கழித்துப் பார்ப்பது. உயர்த்துதல் நேர்மையாக நடந்திருந்தால் சுருக்கும்போது மூலமே திரும்ப வர வேண்டும்.

```
ffmpeg -i up.mov -i deint.mov -filter_complex "[0:v]scale=720:576,setsar=1,format=gray[a];[1:v]setsar=1,format=gray[b];[a][b]blend=all_mode=difference" diff.mov
```

இதை ஓரங்களில் கறுப்புப் பட்டை சேர்ப்பதற்கு முன்பும், பழைய வீடியோவின் 601 நிறத்தரத்திலிருந்து ஹெச்டி வீடியோவின் 709 நிறத்தரத்துக்கு மாற்றுவதற்கு முன்பும் செய்ய வேண்டும். இல்லாவிடில் எல்லா இடத்திலும் வேறுபாடு தெரியும். நல்ல கிளிப்பில் கறுப்புத் திரையில் மெல்லிய ஓரங்களும் சீரான இரைச்சல் துகள்களும் மட்டுமே இருக்கும். தொலைவு முகக் கிளிப்பிலோ, ஒரு முகம் மட்டும் வெளிறிய முகமூடிபோல் ஒளிர்ந்தது. மூலத்தில் அந்த முகம் சுமார் 30 பிக்சல் உயரமே இருந்தது. அருகே பெரிதாக்கிப் பார்த்தபோது, இடக்கண் பாதி மூடியிருக்கும் முதிய தச்சருக்கு மென்பொருள் இரண்டு கண்களையும் அகலத் திறந்து வைத்திருந்தது. இயக்குநரிடம் காட்டினேன். "இது அவர் இல்லை" என்றார்.

ஆவணப்படத்தில் இதை அனுமதிக்க முடியாது என்று இருவரும் முடிவு செய்தோம். முகம் 40 பிக்சலுக்குக் குறைவாக உள்ள எல்லாக் காட்சிகளையும் மென்பொருளின் பயிற்சி பெற்ற ஏஐ மாதிரியைப் பயன்படுத்தாமல், லான்சோஸ் என்னும் வெறும் கணித முறையில் மட்டும் உயர்த்தினேன். அவை சற்று மங்கலாகத்தான் இருக்கின்றன. 40 என்ற எல்லையும் எங்கள் கிளிப்புகளைப் பார்த்து வைத்ததே, உங்கள் படத்துக்கு அது மாறலாம். தலைப்பு எழுத்துகளில் வளைவுகள் ஒட்டிக்கொண்டு எழுத்தே மாறிப்போனதால், அவற்றைப் புதிதாகத் தட்டெழுதி அதே இடத்தில் வைத்தோம்.

கழித்தல் சோதனைக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியே சரியாக இருந்தும், நீரலையிலும் மர இழையிலும் நுணுக்கம் தோன்றித் தோன்றி மறையும் மினுக்கத்தை அது தெளிவாகக் காட்டாது. அதற்குப் பெரிய திரையில் முழு வேகத்தில் ஓடவிட்டு, நேரக் குறியீட்டுடன் எழுதிக்கொள்வதே வழி. அப்படி இருமுறை பார்த்ததில் 31 இடங்களைக் குறித்தேன். அவற்றில் 22 நீர்க் காட்சிகள். அங்கெல்லாம் மூலத்தையும் உயர்த்தியதையும் சரிபாதியாகக் கலந்தபோது மினுக்கம் அடங்கியது.

இறுதியாக ஒப்படைத்தது மூன்று பொருள்கள்: உயர்த்திய பிரதி, தொடப்படாத 11 ஜிபி மூலக் கோப்பு, எந்தக் காட்சி எந்த முறையில் உயர்த்தப்பட்டது என்பதை நேரக் குறியீட்டுடன் காட்டும் பட்டியல்.