கடையிலேயே பார்த்துவிடுங்கள்

ஊருக்கு வாங்கிப் போகலாம் என்று ஜெர்மனியில் ஒரு கடையில் இன்று மடிக்கணினி ஒன்றைத் திறந்தேன். விசைப்பலகையில் 'ஒய்' இருக்க வேண்டிய இடத்தில் 'இசட்' இருந்தது.

"அமைப்புகளில் மொழியை மாற்றினால் சரியாகிவிடும்" என்றார் விற்பனையாளர். பாதிதான் சரி. திரையில் விழும் எழுத்து மாறும். விசைமேல் அச்சிட்டது மாறாது, விசைகளின் வடிவமும் மாறாது. இடது ஷிப்ட் குட்டையாக இருக்கிறது, அதை ஒட்டிக் கூடுதலாக ஒரு விசை. பார்க்காமல் தட்டச்சு செய்பவர்களின் சுண்டுவிரல் ஒவ்வொரு முறையும் அங்கேதான் போய் விழும்.

பிளக் பெரிய விஷயமில்லை. சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. சுவருக்குப் போகும் கேபிள் தனியாகக் கழன்று வந்தது. அதை மட்டும் ஊரில் மாற்றிக்கொள்ளலாம்.

என்னைத் தடுத்தது உத்தரவாதம்தான். "உலகம் முழுக்கச் செல்லும்" என்று வாயால் சொன்னதை நம்பாமல், பெட்டியிலிருந்த வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தேன். வாங்கிய நாட்டில் மட்டுமே சேவை என்று வந்தது.

அதே நிறுவனத்தின் இன்னொரு வகைக்குப் பன்னாட்டுச் சேவை உண்டு. அதை ஆங்கில விசைப்பலகையுடன் வரவழைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.