பாறையில ட்ரில் போடுறவருக்கு ஏன் கம்மி, கையெழுத்து போடுறவருக்கு ஏன் ஜாஸ்தி

ஊர்ல இருந்து தம்பிங்க யாராவது போன் பண்ணா கண்டிப்பா ஒரு கேள்வி வரும், "அண்ணே, சுரங்க வேலைன்னா ரிஸ்க்காச்சே, அதனால சம்பளத்த அள்ளிக் கொடுப்பாங்களாமே?" நான் தென்னாப்பிரிக்காவுல ரஸ்டன்பர்க் பக்கம் ஒரு பிளாட்டினம் சுரங்கத்துல இன்ஜினியரா இருக்கேன், கீழ ஆளுங்கள இறக்கி ஏத்துற வைண்டரும், உள்ள காத்த குளிரவைக்கிற பிளான்ட்டும் என் பொறுப்பு. அந்தக் கேள்விக்கு ஆமான்னோ இல்லன்னோ ஒரே வார்த்தையில சொல்ல முடியல. ஏன்னா இங்க எல்லார்லயும் ரிஸ்க் அதிகம் இருக்கிற ஆளு சம்பளத்துல மேல இல்ல, ரொம்ப வருஷமாவே இல்ல.

முதல்ல அந்த வேலை எப்படி இருக்கும்னு சொல்லிடுறேன், நேர்ல பாக்காதவங்களுக்குப் புரியாது. பிளாட்டினம் இருக்கிற பாறை அடுக்கு ரொம்ப மெல்லிசு, அதுக்காக சுத்தி இருக்கிற வெத்துப் பாறைய உடைச்சா நஷ்டம், அதனால குடைஞ்சு எடுக்கிற இடத்தோட உயரம் சுமார் ஒரு மீட்டர்தான். அத ஸ்டோப்புன்னு சொல்லுவோம். அதுக்குள்ள நிக்க முடியாது, குனிஞ்சோ உக்காந்தோ தவழ்ந்தோதான் போகணும், தரையும் சாய்வா இருக்கும். அங்க உக்காந்துகிட்டு காத்தழுத்தத்துல ஓடுற, இருபது கிலோவுக்கு மேல இருக்கிற ஒரு மெஷின பாறையில வச்சு அழுத்தி ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா துளை போட்டுகிட்டே போறவர்தான் ராக் ட்ரில் ஆபரேட்டர். சத்தம் காத கிழிக்கும், தண்ணி முகத்துல தெறிக்கும், கை பூரா அதிரும். உள்ள சூடு வேற, ஆழத்துக்குப் போகப் போக பாறையே சூடா இருக்கும், அதுக்குத்தான் என் குளிர் பிளான்ட்டே. மேல இருக்கிற பாறை எப்ப பேத்துகிட்டு விழும்னு தெரியாது, அதனால ஷிப்ட் ஆரம்பிக்கும்போது நீளக் கம்பியால தட்டிப் பாத்து, சத்தம் பொள்ளுன்னு கேட்டா அத நெம்பி கீழ தள்ளிட்டுதான் ட்ரில்ல தொடணும்.

அவர் போட்ட துளையில வெடி வச்சு வெடிக்கிற பொறுப்பு மைனர்னு சொல்ற ஆளுக்கு. அவர்கிட்ட ப்ளாஸ்டிங் சர்ட்டிபிகேட் இருக்கணும். அவருக்கு மேல ஷிப்ட் பாஸ், இன்னும் மேல எங்கள மாதிரி ஆளுங்க. இதுல ட்ரில் பிடிக்கிறவர விட மைனருக்கு ஜாஸ்தி, மைனர விட எனக்கு ரொம்ப ஜாஸ்தி. ஆனா அடிபடுற சான்ஸ் அப்படியே தலைகீழ்.

எனக்கு ஏன் ஜாஸ்தி? நான் அறிவாளின்னு இல்ல. இந்த நாட்டுச் சட்டப்படி இவ்வளவு மெஷின் ஓடுற ஒரு சுரங்கத்துல அரசாங்க தகுதிச் சான்றிதழ் வச்சிருக்கிற இன்ஜினியர் ஒருத்தர எழுத்துல நியமிச்சே ஆகணும். எல்லாரும் ஜிசிசின்னு சொல்ற அந்தச் சான்றிதழ் வாங்க டிகிரியோ டிப்ளமோவோ முடிச்சு, பிளான்ட்ல குறிப்பிட்ட காலம் நேரடியா வேலை பாத்து, அதுக்கப்புறம் பிளான்ட் இன்ஜினியரிங், சட்டம்னு ரெண்டு பரீட்சை எழுதணும். எழுதுற நிறைய பேருக்கு முதல் தடவை கிடைக்கிறதில்ல. அப்ப ஒரு சுரங்கத்துல இருந்து அந்த இன்ஜினியர் போயிட்டா அடுத்த மாசமே இன்னொருத்தர உருவாக்க முடியாது, பக்கத்து சுரங்கத்துல இருந்துதான் இழுக்கணும், இழுக்கணும்னா காசு கொடுக்கணும். இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. வைண்டர் கயிறு, பிரேக் இதெல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்து போடுறது நான், ஏதாவது ஆச்சுன்னா விசாரணையில நிக்கிறதும் நான். 1995ல வால் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துல உள்ள தண்டவாளத்துல ஓடுற லோகோ இன்ஜின் ஒண்ணு, ஆளுங்க இறங்குற செங்குத்துக் குழியான ஷாப்ட்டுக்குள்ள விழுந்து, ஆளுங்க இருந்த லிப்ட் கூண்டு மேலயே மோதி நூறு பேருக்கு மேல செத்தாங்க. ஷாப்ட் வேலையில இருக்கிற யாருக்கும் அந்தப் பேர் தெரியும். அந்தப் பொறுப்புக்கும் சேத்துதான் சம்பளம், அது உண்மை, ஆனா அந்தப் பொறுப்ப ஏத்துக்க சட்டப்படி தகுதி உள்ள ஆளு குறைச்சல்ங்கிறதுதான் அதுக்கு விலைய ஏத்துது.

இது வெறும் என் ஊகம் இல்ல, 2012ல எல்லாரும் பாக்க நடந்துச்சு. அந்த வருஷ ஆரம்பத்துல இம்பாலா சுரங்கத்துல ப்ளாஸ்டிங் சர்ட்டிபிகேட் வச்சிருந்த மைனர்ஸ மத்த கம்பெனிங்க இழுத்துகிட்டு இருந்தாங்க, அவங்கள நிறுத்தி வைக்க கம்பெனி அவங்களுக்கு மட்டும் 18 சதவீதம் ஏத்திக் கொடுத்துச்சு. அதே ஸ்டோப்புல, அதே பாறைக்கு கீழ, இன்னும் கஷ்டமான வேலை பாத்த ட்ரில் ஆபரேட்டர்களுக்கு அது கிடையாது. அவங்கள யாரும் இழுக்கல, காரணம் அவ்வளவுதான். ட்ரில் பிடிக்கிறவருக்கும் திறமை உண்டு, நல்ல கை உள்ளவர் போட்ட துளை நேரா இருக்கும், கோணலா போனா வெடி சரியா உடைக்காம அடியில பாறை மிஞ்சும், அன்னைக்கு டன் கணக்கே போச்சு. ஆனா அந்தத் திறமைக்கு ஒரு பேப்பர் இல்ல, இன்னொரு கம்பெனிகிட்ட எடுத்துக் காட்ட ஒண்ணும் இல்ல. அவங்க வேலைய நிறுத்தினாங்க, வாரக் கணக்கா போச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல பக்கத்துல மரிக்கானாவுல ட்ரில் ஆபரேட்டர்ங்க மாசம் 12,500 ராண்ட் கேட்டு மலைமேல உக்காந்தாங்க, 16ஆம் தேதி போலீஸ் சுட்டதுல 34 பேர் செத்தாங்க. செப்டம்பர்ல முடிவான ஒப்பந்தத்துல 11ல இருந்து 22 சதவீதம் வரைக்கும் ஏறிச்சு. அந்த மலைய ரோட்டுல போகும்போது இப்பவும் பாப்பேன், பாத்தா சின்னப் பாறைக் குன்றுதான்.

பொருளாதாரப் புத்தகத்துல இருக்கிற கணக்கு என்னன்னா, வேலை மோசமா இருந்தா ஆளு வரமாட்டான், வரமாட்டான்னா கூலி ஏறும், அந்த ஏத்தம்தான் கஷ்டத்துக்கான விலை. கணக்கு சரிதான். ஆனா அதுக்குள்ள ஒரு நிபந்தனை ஒளிஞ்சிருக்கு, அந்த ஆளு "வரமாட்டேன்"னு சொல்ல முடியணும், சொன்னா அவனுக்கு வேற அடுப்பு எரியணும். இந்த நாட்டுல வேலை இல்லாதவங்க நூத்துக்கு முப்பது பேருக்கு மேல. ட்ரில் ஆபரேட்டர்ங்க நிறைய பேர் ஈஸ்டர்ன் கேப்ல இருந்தும் லெசோத்தோவுல இருந்தும் வந்தவங்க, அங்க அவங்க அனுப்புற காச நம்பி ஒரு வீடே இருக்கும், சில பேருக்கு இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு ரெண்டு வீடு. அவங்க எப்படி மாட்டேன்னு சொல்றது?

அந்த நிபந்தனை உடைஞ்சா என்ன ஆகும்னு பாக்க இந்த நாட்டுத் தங்கச் சுரங்கத்த விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. சுரங்க முதலாளிங்க எல்லாம் சேந்து ஆள் எடுக்க தங்களுக்குப் பொதுவான ஏஜென்சி வச்சு, யாரும் இதுக்கு மேல கூலி கொடுக்கக்கூடாதுன்னு தங்களுக்குள்ள ஒப்பந்தம் போட்டு வச்சிருந்தாங்க. ப்ளாஸ்டிங் சர்ட்டிபிகேட்ட கறுப்பினத்தவர் வாங்கவே முடியாதுன்னு சட்டம், அது 1980கள் கடைசி வரைக்கும் இருந்துச்சு, அதாவது மைனர் சம்பளத்துல இருந்த அந்தத் தட்டுப்பாடு பாதி சட்டம் போட்டே செஞ்சது. ஆள் பத்தலன்னா மொசாம்பிக்ல இருந்தும் மலாவியில இருந்தும் கொண்டுவருவாங்க. விளைவு என்னன்னா, விலைவாசிய கழிச்சுப் பாத்தா கறுப்பின சுரங்கத் தொழிலாளியோட கூலி 1911ல இருந்ததுக்கு 1969ல ஒரு காசு கூட ஏறல. ஐம்பத்தெட்டு வருஷம். அவ்வளவு காலமும் பாறை விழுந்துகிட்டுதான் இருந்துச்சு, ஆளுங்க செத்துகிட்டுதான் இருந்தாங்க.

1974 ஏப்ரல்ல மலாவி தொழிலாளிங்கள ஏத்திட்டுப் போன விமானம் போட்ஸ்வானாவுல ப்ரான்சிஸ்டவுன் பக்கத்துல விழுந்து எழுபது பேருக்கு மேல செத்தாங்க, மலாவி அரசு ஆள் அனுப்புறதையே நிறுத்திடுச்சு. சுரங்கங்கள்ல அப்ப மலாவிக்காரங்க மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல. அடுத்த வருஷம் மொசாம்பிக் விடுதலை ஆச்சு, அங்க இருந்து வர்றதும் சீக்கிரமே பாதிக்கும் கீழ போச்சு. அதே சமயம் அவுன்ஸ் 35 டாலர்ல கட்டி வச்சிருந்த தங்கம் விலை சுமார் அஞ்சு மடங்கு ஏறிடுச்சு, கொடுக்க கம்பெனிகிட்ட காசும் இருந்துச்சு. சில வருஷத்துல கூலி ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு. சுரங்கம் அதே சுரங்கம், பாறை அதே பாறை. மாறினது ரெண்டுதான், கம்பெனி கையில காசு வந்துச்சு, வெளியில வரிசையில நின்ன ஆளு குறைஞ்சுபோச்சு.

நம்ம ஆளுங்க கதையும் இதுக்குள்ளதான் வருது, நேட்டால்ல இருக்கிற பழைய தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரியும். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவங்களுக்கு முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங், அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். அஞ்சு வருஷம் முடிச்சு விடுதலை ஆனவங்க காய்கறி போட்டு, மீன் பிடிச்சு சொந்தக் கால்ல நிக்க ஆரம்பிச்சாங்க, அப்ப தோட்டத்துக்காரன் கூலிய ஏத்தித்தானே ஆகணும்? ஏத்தல. 1895ல சட்டம் கொண்டுவந்தாங்க, மறுபடி ஒப்பந்தத்துல சேராதவங்க வருஷா வருஷம் 3 பவுண்டு வரி கட்டணும். 3 பவுண்டுன்னா 60 ஷில்லிங், அதாவது ஆரம்பக் கூலியில ஆறு மாசச் சம்பளம். கட்ட முடியாதவங்க திரும்பத் தோட்டத்துக்கோ நிலக்கரி சுரங்கத்துக்கோதான் போனாங்க. 1913ல நியூகாசில் நிலக்கரி சுரங்கங்கள்ல நம்ம ஆளுங்க வேலைய நிறுத்தி நடந்தது இந்த வரிக்காகத்தான், அடுத்த வருஷம் வரி போச்சு. மாட்டேன்னு சொல்ற வழிய அடைச்சிட்டா எவ்வளவு மோசமான வேலைக்கும் மலிவா ஆள் கிடைக்கும்னு அன்னைக்கே தெரிஞ்சு செஞ்சிருக்காங்க, அத நினைச்சா எனக்கு இப்பவும் கோபம் வரும்.

இன்னொரு விஷயம், கண்ணுக்குத் தெரியாத ரிஸ்க்குக்கு சம்பளத்துல எடமே கிடையாது. தங்கப் பாறையில சிலிக்கா இருக்கு, அந்தத் தூசி நுரையீரல்ல தங்கி சிலிக்கோசிஸ் வர பத்து இருபது வருஷம் ஆகும். வேலைக்குச் சேர்றவருக்கு அது தெரியாது, மூச்சு வாங்க ஆரம்பிக்கும்போது ஆளு ஊருக்குப் போயிருப்பார். தெரியாத ஒண்ணுக்கு யாரு பேரம் பேசுவா? பல தங்கச் சுரங்கக் கம்பெனிங்க சேந்து நஷ்டஈடுக்கு ஒத்துக்கிட்டது 2018லதான், சுமார் 500 கோடி ராண்ட், அதுவும் கோர்ட்டுக்குப் போய்த்தான்.

இப்ப எங்க பக்கம் சில சுரங்கத்துல தள்ளி நின்னு ஓட்டுற குள்ளமான ட்ரில் ரிக் வந்திருக்கு. அந்த ஆபரேட்டர் ஸ்டோப்புக்குள்ள மெஷின மடியில வச்சு உக்காரவேண்டாம், அதிர்வு கைக்கு வராது, பாறைக்கு நேரா கீழ இருக்கிற நேரமும் குறைவு. ஆனா ஹைட்ராலிக், எலக்ட்ரிக்கல் ரெண்டும் தெரியணும், அந்த மெஷினுக்குன்னு லைசன்ஸ் வேணும், மெஷின் நின்னா செக்ஷனே நிக்கும். அவருக்கு கையில ட்ரில் பிடிக்கிறவர விட சம்பளம் ஜாஸ்தி. அதனால வேலைக்குக் கேக்குற தம்பிகிட்ட, எவ்வளவு ஆபத்துன்னு கேக்குறதுக்கு முன்னாடி, நீ போயிட்டா உன் எடத்துக்கு ஆள் பிடிக்க கம்பெனிக்கு எத்தனை மாசம் ஆகும்னு விசாரிக்கச் சொல்றேன், தூசிக்கு என்ன அளவு எடுக்கிறாங்க, மெடிக்கல் ரிப்போர்ட் காப்பி உன் கையில தருவாங்களான்னும் சேத்துக் கேக்கச் சொல்றேன்.